நாளுக்கு நான்கு மணி நேரம்

இத்தாலியின் பீசா பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவராக இருக்கும் டொனடெல்லா மராசிட்டி, 1990களின் பிற்பகுதியில் ஓர் ஆய்வுக்காகக் காதலர்களைத் தேடினார். நிபந்தனைகள் கறாரானவை. காதல் தொடங்கி ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. நாளுக்குக் குறைந்தது நான்கு மணி நேரமாவது அந்த ஒருவரைப் பற்றிய நினைப்பிலேயே கழிய வேண்டும். இப்படி 20 பேர் கிடைத்தார்கள்.

அவருக்கு இந்த யோசனை தோன்றியதற்குக் காரணம் அவருடைய நோயாளிகள். ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோய் உள்ளவர்களை அவர் நெடுநாளாகப் பார்த்து வந்தார். கதவைப் பூட்டினோமா என்று பத்து முறை திரும்பிப் போய்ப் பார்ப்பவர்கள், கை சுத்தமாகவில்லை என்ற எண்ணத்தை உதற முடியாமல் கழுவிக்கொண்டே இருப்பவர்கள். அந்த எண்ணம் தேவையில்லாதது என்று அவர்களுக்கே தெரியும். ஆனாலும் அது போகாது. புதிதாகக் காதலிப்பவரும் ஏறக்குறைய இப்படித்தானே இருக்கிறார்? வேலை நடுவில், சாப்பாட்டு நடுவில், தூக்கத்துக்கு நடுவில் ஒரே முகம் வந்து நிற்கிறது, விரட்டினாலும் போவதில்லை. இரண்டுக்கும் உடலில் ஒரே தடயம் இருக்குமா என்று பார்க்க விரும்பினார் மராசிட்டி.

செரோடோனின் என்பது நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று பேசப் பயன்படும் வேதிப்பொருள்களில் ஒன்று. ஓ.சி.டி.க்குத் தரப்படும் மாத்திரைகள் இதன் போக்குவரத்தில்தான் வேலை செய்கின்றன. உயிரோடு இருப்பவரின் மூளையைத் திறந்து இதை அளக்க முடியாது. ஆனால், இரத்தத் தட்டணுக்களின் மேற்பரப்பிலும் செரோடோனினை உள்ளே இழுத்துக்கொள்ளும் அதே புரதம் இருக்கிறது. ஆகவே கையிலிருந்து இரத்தம் எடுத்து, தட்டணுக்களைப் பிரித்து, அந்தப் புரதம் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்று அளந்தார்கள். 20 காதலர்கள், மருந்து எடுத்துக்கொள்ளாத 20 ஓ.சி.டி. நோயாளிகள், இரண்டிலும் சேராத 20 பேர் என்று மூன்று குழுக்கள். 1999இல் முடிவு வெளியானது. காதலர்களிடமும் நோயாளிகளிடமும் அந்தப் புரதம் ஒரே போலக் குறைந்திருந்தது. மூன்றாவது குழுவினருக்கு வழக்கமான அளவு.

உலகப் பத்திரிகைகள் 'காதல் ஒரு நோய்' என்று தலைப்பு போட்டுக் கொண்டாடின. என் மனதில் நின்றது அந்த ஆய்வின் பின்பகுதி. 12 முதல் 18 மாதங்கள் கழித்து, அதே காதலர்களில் ஆறு பேரை மறுபடி அழைத்து இரத்தம் எடுத்தார்கள். அளவு வழக்கமான நிலைக்குத் திரும்பியிருந்தது. நாள் முழுதும் அந்த முகத்தையே நினைத்துக்கொண்டிருக்கும் பழக்கமும் அவர்களை விட்டுப் போயிருந்தது.

ஆறு பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. தட்டணு மூளையும் ஆகாது. 2012இல் நெதர்லாந்தில் நடந்த இன்னொரு சிறிய ஆய்வு, இரத்தத்தில் உள்ள செரோடோனினையே நேரடியாக அளந்தபோது, காதலிக்கும் ஆண்களிடம் அது குறைந்தும் பெண்களிடம் கூடியும் இருக்கக் கண்டது. ஆகவே 'காதல் வந்தால் செரோடோனின் குறையும்' என்று பொத்தாம்பொதுவாக யாராவது எழுதினால் அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் மாற்றம் வந்து, பிறகு விலகுகிறது என்ற கால ஓட்டம் மட்டும் திரும்பத் திரும்பத் தென்படுகிறது. மராசிட்டியே 2004இல் 24 புதுக் காதலர்களின் ஹார்மோன்களைப் பார்த்தார். உடல் நெருக்கடியில் இருக்கும்போது சுரக்கும் கார்டிசால் அவர்களிடம் கூடியிருந்தது. ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் குறைந்தும், பெண்களின் டெஸ்டோஸ்டிரோன் உயர்ந்தும் இருந்தது. ஓரிரு ஆண்டுகளில், மறுபடி சோதிக்க முடிந்தவர்களிடம் இந்த வேறுபாடுகள் இல்லை. 2006இல் இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தில், நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தை 58 காதலர்களிடம் அளந்தார்கள். அதுவும் உயர்ந்திருந்தது. பிறகு, அதே துணையோடு இன்னமும் சேர்ந்திருந்தும் அந்தப் பழைய பரவச நிலையில் இல்லை என்று சொன்ன 39 பேரிடம் மறுபடி பார்த்தபோது சாதாரண அளவுக்கு இறங்கியிருந்தது.

அந்த 39 பேரைக் கவனியுங்கள். அவர்கள் பிரிந்துவிடவில்லை. அதே ஆள், அதே உறவு. பதற்றம் மட்டும் போயிருந்தது. காதலித்துக் கல்யாணம் செய்த எத்தனையோ பேர் இரண்டாம் ஆண்டிலும் மூன்றாம் ஆண்டிலும் 'முன்ன மாதிரி இல்லை' என்று ஒருவரையொருவர் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும்போது, இந்த 39 பேரைப் பற்றி அவர்களுக்கு யாராவது சொல்லியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றும்.

இரத்தம் இவ்வளவுதான் சொல்லும். மூளைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க அமெரிக்காவில் ஹெலன் ஃபிஷர் என்ற மானுடவியலாளரும், உளவியலாளர் ஆர்தர் அரோனும், நரம்பியலாளர் லூசி பிரவுனும் கூட்டுச் சேர்ந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தவர்கள் 17 பேர். பத்துப் பெண்கள், ஏழு ஆண்கள். காதல் தொடங்கி ஒரு மாதம் ஆனவரும் உண்டு, 17 மாதம் ஆனவரும் உண்டு. சராசரி ஏழு மாதத்துக்குச் சற்று மேல்.

சோதனையை எப்படி நடத்தினார்கள் என்பதை அறிந்தால்தான் முடிவை எடை போட முடியும். எஃப்.எம்.ஆர்.ஐ. கருவி என்பது நாம் அறிந்த ஸ்கேன் குழாய்தான். மூளையின் எந்தப் பகுதிக்கு அந்த நேரத்தில் இரத்த ஓட்டம் கூடுகிறது என்பதை அது காட்டும். குழாய்க்குள் படுத்திருப்பவருக்குக் காதலரின் புகைப்படத்தை 30 விநாடி காட்டினார்கள். அடுத்து, நன்றாகத் தெரிந்த, ஆனால் எந்த ஈர்ப்பும் இல்லாத ஒருவரின் படம் 30 விநாடி. இங்கே ஒரு சிக்கல். காதலர் முகத்தைப் பார்த்து எழுந்த உணர்வு, படத்தை மாற்றியவுடன் அடங்கிவிடாது. அடுத்த படத்தின் மீதும் வழியும். அதைத் துடைக்க ஒரு வழி கண்டார்கள். இரண்டு படங்களுக்கும் நடுவே திரையில் ஒரு பெரிய எண் வரும். எடுத்துக்காட்டாக 8421 வந்தால், அதிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்து 8414, 8407, 8400 என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே போக வேண்டும். காதலர் படத்துக்குப் பிறகு 40 விநாடி, மற்றவர் படத்துக்குப் பிறகு 20 விநாடி என்று இந்தக் கணக்கு நடக்கும். ஆறு சுற்று, மொத்தம் 12 நிமிடம். எவ்வளவு பெரிய காதலாக இருந்தாலும் ஏழைக் கழித்துக்கொண்டே உருகுவது கடினம்.

2005இல் வெளியான முடிவில், காதலரின் படத்துக்கு மட்டும் கூடுதலாக இயங்கிய இடங்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, மூளைத்தண்டின் மேற்பகுதியில், நடுமூளையில் உள்ள வி.டி.ஏ. என்ற சிறு பகுதி. மற்றது, அது செய்தி அனுப்பும் இடங்களில் ஒன்றான காடேட். வி.டி.ஏ.வில் இருக்கும் செல்களில் பல டோபமின் தயாரிப்பவை. தாகத்தில் தண்ணீரையும் பசியில் சோற்றையும் நோக்கி ஓர் உயிரைத் தள்ளிவிடும் அமைப்பு இது. இன்பத்தை அனுபவிப்பதைவிட, அதை நாடி ஓடுவதோடுதான் இதற்கு நெருக்கம் அதிகம். ஃபிஷரும் அவருடைய குழுவினரும் இதிலிருந்து எடுத்த முடிவு, தொடக்கக் காதலை மகிழ்ச்சி, துயரம், கோபம் போன்ற உணர்ச்சிகளின் வரிசையில் வைப்பதைவிடப் பசி, தாகம் போன்ற உந்துதல்களின் வரிசையில் வைப்பதே பொருத்தம் என்பது. கோபம் சில நிமிடங்களில் வடியும். பசி, கிடைக்கும்வரை விடாது. 2010இல் இதே குழு, காதலில் கைவிடப்பட்டு இன்னமும் அந்த ஆளை மறக்க முடியாமல் தவித்த 15 பேரைப் படம் பிடித்தபோதும் வி.டி.ஏ. இயங்கிக்கொண்டுதான் இருந்தது. கிடைக்காமல் போனதும் அந்த அமைப்பு ஓய்ந்துவிடவில்லை.

ஒன்றை இங்கே தெளிவாக்கிவிட வேண்டும். இந்தக் கருவி இரத்த ஓட்டத்தைத்தான் பார்க்கிறது, டோபமினைப் பார்ப்பதில்லை. டோபமின் செல்கள் நிறைந்த பகுதி இயங்குகிறது என்பதிலிருந்து, டோபமின் சுரந்திருக்கும் என்று ஊகிக்கிறோம். நியாயமான ஊகம்தான். ஆனால், 'காதலித்தால் டோபமின் இத்தனை மடங்கு கூடும்' என்றோ, 'மூன்று வருடத்தில் அது தீர்ந்துவிடும்' என்றோ சொல்லும் காணொளிகளுக்கு இந்த ஆய்வுகளில் எந்த அடிப்படையும் கிடையாது.

சரி, தீவிரம் ஏன் குறைகிறது? இதற்கு எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான விளக்கம், காதலைப் பற்றி ஆராயாத ஒருவரிடமிருந்து வந்தது. வுல்ஃப்ரம் ஷூல்ட்ஸ் சுவிட்சர்லாந்தின் ஃப்ரைபூர் பல்கலைக்கழகத்தில் குரங்குகளின் டோபமின் செல்களில் மெல்லிய மின்முனையைச் செலுத்தி, ஒவ்வொரு செல்லும் எப்போது துடிக்கிறது என்று பதிவு செய்துகொண்டிருந்தார். குரங்கின் வாயில் ஒரு சொட்டுப் பழச்சாறு விழும். செல் படபடவென்று துடிக்கும். இதில் வியப்பில்லை. பிறகு, சாறு வருவதற்குச் சற்று முன்பாக ஒரு விளக்கை எரிய விட்டார். குரங்கு அந்தத் தொடர்பைக் கற்றுக்கொண்டதும் துடிப்பு இடம் மாறியது. விளக்கு எரியும்போது செல் துடித்தது. சாறு வாயில் விழும்போது ஒன்றும் நடக்கவில்லை. அதே சாறுதான், அதே அளவுதான். எதிர்பார்த்தபடி வந்துவிட்டதால் செல்லுக்கு அதில் செய்தி ஏதும் இல்லை. விளக்கு எரிந்தும் சாறு வரவில்லையென்றால், வந்திருக்க வேண்டிய அந்தக் கணத்தில் செல்லின் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே போனது. 1997இல் ஷூல்ட்ஸும் இரண்டு கணிப்பியலாளர்களும் இதை ஒரு கோட்பாடாக எழுதினார்கள்: டோபமின் செல் எண்ணிப் பார்ப்பது கிடைத்ததை அல்ல, கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தை.

2003இல் அவருடைய குழு இன்னொன்றையும் காட்டியது. விளக்கு எரிந்தால் சாறு நிச்சயம் வரும் என்ற நிலையிலும், நிச்சயம் வராது என்ற நிலையிலும், காத்திருக்கும் நேரத்தில் செல்கள் அமைதியாக இருந்தன. வரலாம், வராமலும் போகலாம், வாய்ப்பு சரிபாதி என்ற நிலையில்தான், விளக்கு எரிந்ததிலிருந்து முடிவு தெரியும்வரை துடிப்பு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனது.

இதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு காதலின் முதல் மாதத்தைப் பார்ப்போம். ஒரு பெண், அலுவலகத்தில் பழக்கமான ஒருவனுக்கு இரவு ஒன்பதரைக்கு 'வீட்டுக்கு வந்தாச்சா?' என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறாள். ஒரு டிக் இரண்டாகிறது. நீலமாகவில்லை. அவன் பதில் போடுவானா, நாளைக் காலை பார்ப்பானா, 'ம்' என்று முடித்துவிடுவானா, ஒன்றும் தெரியாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போனைத் திருப்பிப் பார்க்கிறாள். பத்தே காலுக்குப் பதில் வருகிறது. அதுவும் மூன்று வரி. அன்று இரவு தூக்கம் போகிறது. மறுநாள் அவன் பதிலே போடவில்லை. அன்றும் தூக்கம் போகிறது. அவன் யார், எப்படிப்பட்டவன், தன்னைப் பற்றி என்ன நினைக்கிறான் என்ற எதற்கும் அவளிடம் உறுதியான கணிப்பு இல்லை. வருகிற ஒவ்வொரு சொல்லும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருக்கிறது, அல்லது குறைவாக இருக்கிறது. சரியாக எதிர்பார்த்தபடி எதுவும் இல்லை.

இருபது மாதம் கழித்து அவர்கள் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். 'கிளம்பிட்டேன், பால் வாங்கணுமா?' என்று ஏழு மணிக்கு அவனிடமிருந்து செய்தி வருகிறது. தினமும் வருகிறது. முன்பு ஒரு சொல்லுக்குத் தவம் கிடந்தவளுக்கு இப்போது கேட்காமலே வருகிறது. படித்துவிட்டு 'அரை லிட்டர்' என்று அடித்துவிட்டு வேலையைப் பார்க்கிறாள். அவனுடைய அன்பு குறைந்துவிடவில்லை. அவளுடைய மூளை அவனைச் சரியாகக் கணிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. ஒருநாள் ஏழரை ஆகியும் செய்தி வரவில்லையென்றால் வயிற்றில் ஏதோ செய்யும் அல்லவா? எதிர்பார்த்தது வராதபோது துடிப்பு கீழே போவது அங்கே இருக்கிறது.

குரங்கின் பழச்சாற்றிலிருந்து மனிதரின் காதலுக்கு நேரே பாலம் போட முடியாது என்பதை ஒப்புக்கொண்டே இதைச் சொல்கிறேன். இந்தப் பெண்ணின் வி.டி.ஏ.வில் யாரும் மின்முனை வைத்துப் பார்க்கவில்லை. ஆனால், உளவியலாளர் டோரதி டென்னோவ் 1970களில் நூற்றுக்கணக்கானவர்களிடம் அவர்களுடைய காதல் அனுபவங்களைக் கேட்டுத் தொகுத்தபோது கண்டதும் இதனோடு பொருந்துகிறது. நம்பிக்கையும் சந்தேகமும் கலந்தே இருக்கும்வரை அந்தப் பித்து வளர்கிறது. பதில் உறுதியாகிவிட்டாலும், இனி இல்லை என்று முழுதாகத் தெரிந்துவிட்டாலும் தணிகிறது. அவருடைய கணக்கில் பெரும்பாலும் ஒன்றரை ஆண்டிலிருந்து மூன்று ஆண்டு. பிடி கொடுக்காமல் இழுத்தடிப்பவர் மீது, நல்லபடியாக நடத்துபவர் மீது வருவதைவிடக் கடுமையான மோகம் வருவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அந்தக் கடுமையை ஆழம் என்று எடுத்துக்கொண்டு ஏமாறுபவர்கள் நிறைய.

பித்து வடிந்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதற்கு விடை தேடியவர்கள், அமெரிக்கப் புல்வெளிகளில் வாழும் பிரெய்ரி வோல் என்ற சிறு எலி வகையிடம் போனார்கள். பாலூட்டிகளில் மிகச் சிலவே ஜோடியாக நிலைத்து வாழ்பவை. இது அவற்றில் ஒன்று. ஆணும் பெண்ணும் ஒரு நாள் சேர்ந்திருந்தால் போதும், அதற்குப் பிறகு புதியவரைவிடத் தன் துணையோடு ஒட்டி உட்காரவே விரும்பும். ஃப்ளோரிடாவில் பிராண்டன் அரகோனா, ஸுவோசின் வாங் ஆகியோரின் குழு 2006இல் இந்த எலியில் கண்டது, தொடக்கமும் தொடர்ச்சியும் வேறு வேறு வேலைகள் என்பது. டோபமின் ஒரு செல்லில் வேலை செய்ய, அந்தச் செல்லில் அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி வேண்டும். அதில் டி2 என்ற வகை, ஜோடி சேர்வதற்குத் தேவைப்படுகிறது. மருந்து கொடுத்து அதை அடைத்தால் பிணைப்பு உருவாவதில்லை. ஜோடி சேர்ந்து இரண்டு வாரம் ஆன ஆண் எலியிலோ டி1 என்ற இன்னொரு வகை கூடியிருந்தது. அது பிணைப்பைக் காவல் காக்கிறது. அந்த ஆண், அறிமுகமில்லாத பெண் எலி அருகே வந்தால் விரட்டும். டி1ஐ அடைத்துவிட்டால் அந்த ஆவேசம் குறையும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஆரவாரம் அடங்கிய மாதிரித் தெரியும் அதே நேரத்தில், உள்ளே ஒரு புதிய ஏற்பாடு நடந்திருக்கிறது.

ஃபிஷர் குழுவின் 17 பேரிலும் இதற்கு மங்கலாக ஒரு தடயம் இருந்தது. காதல் தொடங்கி அதிக மாதங்கள் ஆனவர்களிடம், வோல் எலியில் பிணைப்போடு தொடர்புள்ள வென்ட்ரல் பாலிடம் என்ற பகுதியை ஒட்டிய இடம் கூடுதலாக இயங்கியது.

ஆக்ஸிடோசினைப் பற்றிக் கேட்கத் தோன்றும். பிரசவத்திலும் பாலூட்டுவதிலும் சுரக்கும் இந்த ஹார்மோனைக் 'காதல் ஹார்மோன்' என்று எல்லாரும் எழுதிவிட்டார்கள். வோல் எலிகளில் அதன் ஏற்பியை மருந்தால் அடைத்தால் பிணைப்பு தடைபடும் என்பது பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்தது. 2023இல் கலிஃபோர்னியாவில், அந்த ஏற்பியே இல்லாமல் பிறக்கும்படி மரபணுவைத் திருத்திய வோல் எலிகளை வளர்த்துப் பார்த்தார்கள். அவையும் ஜோடி சேர்ந்தன, துணையோடு ஒட்டி உட்கார்ந்தன, குட்டி போட்டன. பிறவியிலேயே ஒரு வழி இல்லாதபோது மூளை வேறு வழி அமைத்துக்கொள்கிறது போலும். ஒரே ஒரு வேதிப்பொருளின் பெயரைச் சொல்லிக் காதலை விளக்குபவரிடம் எச்சரிக்கையாக இருக்க இந்த ஓர் ஆய்வு போதும்.

எல்லாருக்கும் தீவிரம் வடிந்துதான் ஆக வேண்டுமா? 'இருபது வருடம் ஆச்சு, இன்னும் அவரைப் பார்த்தால் அப்படியேதான் இருக்கு' என்று சொல்லும் மனிதர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்கிறார்கள் அல்லது தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள் என்பது பரவலான எண்ணமாக இருந்தது. பியாங்கா அசவேடோவும் அரோன், ஃபிஷர், பிரவுன் ஆகியோரும் அப்படிச் சொன்ன 17 பேரை அழைத்து ஸ்கேன் குழாய்க்குள் படுக்க வைத்தார்கள். சராசரியாக 21 ஆண்டு மண வாழ்க்கை. அதே முறைதான்: துணையின் படம், நன்கு தெரிந்த மற்றவரின் படம், நடுவே கழித்தல் கணக்கு. வி.டி.ஏ. இயங்கியது. புதுக் காதலர்களிடம் இயங்கிய அதே பகுதி, 21 ஆண்டுக்குப் பிறகும். கூடவே, தாய்ப் பாசத்தோடும் வோல் எலியின் பிணைப்போடும் தொடர்புள்ள பகுதிகளும் இயங்கின.

அவர்களிடம் இல்லாமல் போயிருந்தது எது என்பதற்கான விடை, அசவேடோவும் அரோனும் 2009இல் செய்த வேறொரு வேலையில் இருக்கிறது. அதுவரை காதலை அளந்த பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து, 'தீவிரம்' என்று எல்லாரும் ஒரே பெயரில் அழைத்ததில் இரண்டு இழைகள் இருப்பதைப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று ஈர்ப்பு: அருகில் இருக்க விரும்புவது, பார்த்தால் உயிர் வருவது, தொட விரும்புவது. மற்றது பதற்றம்: ஓயாத நினைப்பு, என்ன நினைக்கிறாரோ என்ற கவலை, விட்டுப் போய்விடுவாரோ என்ற அச்சம். புதுக் காதலில் இரண்டும் முறுக்கிக்கொண்டு ஒன்றாகவே வருகின்றன. நீண்ட உறவில் முதல் இழை இருப்பவர்கள் நிறைவாக இருக்கிறார்கள். இரண்டாவது இழை பல ஆண்டு கழித்தும் நீடித்தால், அதற்கும் உறவின் நிறைவுக்கும் உள்ள தொடர்பு, சிறிதளவே என்றாலும், எதிர்த் திசையில் போகிறது. மராசிட்டி தேடிய நான்கு மணி நேர நினைப்பும், அவர் அளந்த கார்டிசாலும் பெரும்பாலும் இந்த இரண்டாம் இழையைச் சேர்ந்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஓரிரு ஆண்டில் திரும்பிப் போவதும் முக்கியமாக அதுதான்.

'முன்ன மாதிரி இல்லை' என்று ஒருவர் சொல்லும்போது, அவர் எதைச் சொல்கிறார் என்று கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. 'அவர் பக்கத்தில் இல்லாதபோது முன்பு மாதிரிப் பதறவில்லை' என்பது ஒன்று. 'அவர் பக்கத்தில் வந்தாலும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை' என்பது முற்றிலும் வேறு. முதலாவது, மூளை தன் வேலையைச் சரியாகச் செய்ததன் விளைவு. இரண்டாவதுதான் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். இரண்டையும் ஒன்றென்று நினைத்து, பதற்றம் போனதைக் காதலே போனதாக எடுத்துக்கொண்டு, மறுபடி பதறவைக்கும் புது ஆள் ஒருவரைத் தேடிப் போகிறவர்களுக்கு, அங்கேயும் இதே கணக்கு இதே மாதங்களில் முடிந்துவிடும்.

அந்த 17 பேரும் தாமாகவே 'நாங்கள் இன்னும் காதலிக்கிறோம்' என்று முன்வந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. அப்படி இருக்க முடியும் என்பதை அவர்கள் காட்டுகிறார்கள். எத்தனை பேர் அப்படி இருக்கிறார்கள், அவர்கள் செய்ததைச் செய்தால் எல்லாருக்கும் அது வாய்க்குமா என்பதையெல்லாம் ஒரு ஸ்கேன் சொல்லாது.

கணிக்கக் கற்றுக்கொள்வதால்தான் ஈர்ப்பின் கூர்மை மழுங்குகிறது என்றால், கணிக்க முடியாத ஒன்றை இருவரும் சேர்ந்து செய்தால் என்ன ஆகும்? இதே அரோன் இதையும் பார்த்திருக்கிறார். நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் தம்பதிகளை ஓர் அறைக்குள் அழைத்து, இருவரின் மணிக்கட்டுகளையும் கணுக்கால்களையும் ஒட்டும் பட்டையால் சேர்த்துக் கட்டினார்கள். நடுவே ஒரு தலையணை. அதைக் கையால் பிடிக்கக் கூடாது, இருவரின் உடலுக்கும் இடையில் அழுத்தி வைத்துக்கொண்டு, தரை விரிப்பின் மேல் தவழ்ந்து, ஒரு தடுப்பைத் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டும். தலையணை விழும், கால் சிக்கும், இருவரும் சேர்ந்து உருளுவார்கள். மொத்தம் ஏழு நிமிடம். வேறு சில தம்பதிகளுக்கு, ஒருவர் பின் ஒருவராக மெதுவாகத் தவழ்ந்து ஒரு பந்தை உருட்டிச் செல்லும் சலிப்பான வேலை. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் உறவைப் பற்றிக் கேள்விகள் கேட்டார்கள். கட்டுண்டு தவழ்ந்தவர்கள் தங்கள் துணையோடு உள்ள உறவை மற்றவர்களைவிடக் கூடுதல் நிறைவாக மதிப்பிட்டார்கள். 2000இல் இது வெளியானது. கேள்விகளுக்கான பதில்கள் ஆட்டம் முடிந்த கையோடு வாங்கப்பட்டவை. வீட்டுக்குப் போய் ஒரு மாதம் கழித்து அந்த நிறைவு எவ்வளவு மிஞ்சியிருந்தது என்பதை அந்தப் பரிசோதனை அளக்கவில்லை.